ஐக்யூ 121, ஆனால் வகுப்பில் நண்பர்களே இல்லை: அடுத்து என்ன மதிப்பீடு?

வணக்கம். கோவையில் இருக்கிறோம், மகனுக்கு ஒன்பது வயது. ரயில் எண்ணைச் சொன்னால் அது நிற்கும் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்வான். ஆனால் இடைவேளையில் பசங்க ஓடிப்பிடித்து விளையாடும்போது, "நீ ரூல்ஸை மாத்திட்டே" என்று ஒருவனிடம் விடாமல் வாதாடி, கடைசியில் தனியே நிற்கிறான்.

குழந்தைகளுக்கான ஐக்யூ சோதனையான விஸ்க் டெஸ்டில் மொழித்திறன் 138, காட்சிவழிச் சிந்தனை 129, வேலை நினைவாற்றல் 108, செயல்வேகம் 86. மொத்தம் 121 என்று எழுதி, "நல்ல புத்திசாலி, பிரச்சினை இல்லை" என்று முடித்துவிட்டார்கள். 138-க்கும் 86-க்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது அந்த மொத்த எண் அவனைக் காட்டவில்லை என்றே நினைக்கிறேன். முதல் இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஜிஏஐ மதிப்பெண்ணைக் கேட்டால் தருவார்களா?

ஆட்டிசத்துக்கு ஐசா அளவுகோலில் 64 வந்தது. 70-க்குக் கீழே என்பதால் இல்லை என்கிறார்கள். பெரியவர் தனியாகக் கேள்வி கேட்டால் இவன் அழகாகப் பதில் சொல்வான். சிக்கல் சம வயதுப் பிள்ளைகளோடுதான். அதை அந்த அறையில் யாரும் பார்க்கவே இல்லை.

கோவையிலோ சென்னையிலோ, பிள்ளையை நேரில் கவனித்து ஆட்டிசத்தை மதிப்பிடும் ஏடாஸ்-2 சோதனையைச் செய்து, பள்ளிக்கும் வந்து கவனிக்கும் சைக்காலஜிஸ்ட் யாரையாவது தெரியுமா? டீச்சரிடம் என்னென்ன எழுதி வாங்கிப் போகலாம்? இதே மாதிரிப் பிள்ளை உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.