22 வயசுப் பையனை 45 வயசுக்காரர் "அண்ணா"ன்னு கூப்பிடலாமா?

சில்லறை: தக்காளிக் கடைக்காரருக்கு வயசு 45. வாங்க வந்த பையனுக்கு 22. "அண்ணா வாங்க, நாட்டுத் தக்காளிண்ணா"ன்னு கூப்பிடுறாரு. அண்ணன்னா மூத்தவன். இது வியாபாரத்துக்குச் சொல்ற பொய். கடையிலயும் பஸ்லயும் நடக்குற அண்ணா, அக்கா, தம்பி எல்லாமே இப்படித்தான். மரியாதைன்னு யாரும் ஏமாறாதீங்க.

மாட்டுத்தாவணி: கூப்பிடுற சொல்லை மட்டும் கேட்டா போதாது. அதோட வர்ற வினையையும் கேளுங்க. வெளியாளை "அண்ணே"ன்னா, பின்னாடி "போடுங்க", "தள்ளுங்க"ன்னு "ங்க" வரும். சொந்த அண்ணன்கிட்ட "அண்ணே, நீ வா"ன்னு சொல்லலாம். பழக்கமில்லாத கடைக்காரர்கிட்ட "அண்ணே, அரைக் கிலோ போடு"ன்னா அவர் முகம் மாறிடும். "தம்பி"க்கு அந்தக் காவல் கிடையாது. "தம்பி, தள்ளி நில்லுங்க"ன்னும் சொல்லலாம், "தம்பி, தள்ளி நில்லு"ன்னும் சொல்லலாம். அந்தக் கடைக்காரர் பையனுக்கு "ங்க" போட்டுப் பேசணும்னு நினைச்சாரு, அதனால "அண்ணா"வை எடுத்தாரு. பையனோட வயசை அவர் கணக்குப் போடவே இல்லை.

சில்லறை: மரியாதை வேணும்னா "சார்" இருக்கே. 22ஐப் பார்த்து 45 "அண்ணா"ங்குறது பொய்தான்.

மாட்டுத்தாவணி: "சார்" வேற வேலைக்கு. ஏசி போட்ட ஜவுளிக்கடையில "சார்"னு கூப்பிடப்பட்ட அதே ஆள், வெளியே தள்ளுவண்டிக்கிட்ட வந்ததும் "அண்ணே" ஆயிடுவாரு. "சார்"கிட்ட பேரம் பேச வராது. "அண்ணே, பத்து ரூபா குறைச்சுக்கோங்க"ன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் "சார், பத்து ரூபா குறைச்சுக்கோங்க"ன்னும் சொல்லிப் பாருங்க. ரெண்டாவது வாயிலயே ஒட்டாது.

கொங்குத்தமிழ்: மதுரைக் கணக்கைத் தமிழ்நாட்டுக்கே போடாதீங்க. எங்க பக்கம் அஞ்சு வயசுப் பையனையே "தம்பி, சாப்டீங்ளா?"ன்னு கேப்போமுங்க. "தம்பி"க்குக் காவல் இல்லைன்னு யார் சொன்னது? கோயமுத்தூர் டவுன் பஸ்ல நின்னு கேட்டுப் பாருங்க.

மாட்டுத்தாவணி: கோயமுத்தூர்ல "ங்க" எல்லாருக்கும் விழும், ஒத்துக்குறேன். அதனாலயே அங்க யாராவது "ங்க"வை விட்டாங்கன்னா உடனே உறைக்கும். நான் சொன்னது அங்க இன்னும் பலமாகுது.

கொங்குத்தமிழ்: தோத்தாலும் ஜெயிச்சதாச் சொல்றது உங்க ஊர்ப் பழக்கமுங்களா?

மாட்டுத்தாவணி: ஊரை இழுக்காதீங்க. ஒரு டவுன் பஸ்ஸை எடுத்துக்குவோம். கண்டக்டர் முப்பது வயசு ஆள்கிட்ட வர்றாரு. "எங்கண்ணே?"ன்னு கேக்குறாரு. அவர் எட்டு ரூபா டிக்கெட்டுக்கு 500 ரூபா நோட்டை நீட்டுறாரு. "தம்பி, சில்லறை இல்லையா?" ஒரு நிமிஷத்துல அண்ணன் தம்பி ஆயாச்சு, வயசு மாறலை. பயணி எதிர்த்துப் பேசுனா அடுத்தது ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு "யோவ்", இல்லைன்னா "சார், இறங்கிக்கோங்க சார்". அந்தக் கடைசி "சார்" மரியாதையில்லை, உறவைத் துண்டிச்சாச்சுன்னு அர்த்தம். சண்டை எங்க நிக்குதுன்னு கூப்பிடுறதை வச்சே சொல்லிடலாம். "அண்ணே" திரும்ப வந்தா தணிஞ்சாச்சு.

ஜன்னலோரம்: எனக்கு 29. பஸ்ல காலேஜ் பசங்க "ஆன்ட்டி, பையைப் பிடிங்க"ங்குறாங்க. "அக்கா"ன்னா என்ன குறைஞ்சிடும்? இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.

சில்லறை: பாருங்க, வயசுதான் பிரச்சினை! இவங்களுக்கே வயசுதான் வலிக்குது.

ஜன்னலோரம்: வலிக்குதுன்னு நான் சொல்லலை. "அக்கா"ன்னா கூடப் பிறந்தவ மாதிரி, அவங்க தலைமுறை. "ஆன்ட்டி"ன்னா அவங்க அம்மா தலைமுறைக்குத் தள்ளிடுறாங்க. இன்னொண்ணும் சொல்றேன். ராத்திரி ஆட்டோவுல ஏறுற பொண்ணு "அண்ணா, அடையாறு போகணும்"னு ஆரம்பிக்குறது டிரைவரோட வயசைப் பார்த்து இல்லை. நான் உங்களுக்குத் தங்கச்சி முறை, அதோட நிறுத்திக்கோங்கன்னு ஒரு கோடு போடுறா. அதனாலதான் எந்தப் பொண்ணும் தெரியாத ஆம்பளையை "மாமா", "மச்சான்"னு கூப்பிடமாட்டா. அது கட்டிக்குற முறை.

மாட்டுத்தாவணி: இந்தத் திரியிலயே சரியான பேச்சு இதுதான்.

கொங்குத்தமிழ்: அப்போ அம்மாக்கள் பிள்ளைக்கிட்ட "அழாத, மாமா திட்டுவாரு"ன்னு கண்டக்டரைக் காட்டுறாங்களே? அது தெரியாத ஆம்பளை இல்லீங்களா?

ஜன்னலோரம்: அம்மாவுக்கு அண்ணன்னா பிள்ளைக்கு மாமாதானே! அம்மா போட்ட அதே கோடுதான்.

கொங்குத்தமிழ்: அப்பாவும் பிள்ளைக்கிட்ட "மாமா திட்டுவாரு"ன்னுதான் சொல்றாருங்க. அவருக்கு அண்ணன்னா பிள்ளைக்குப் பெரியப்பாவில்ல ஆகணும்? இதுக்கு என்ன சொல்றீங்க?

நெல்லைச்சீமை: எங்க ஊர்ல இந்தக் குழப்பமே கிடையாது. கடைக்காரரும் அண்ணாச்சி, வாங்க வந்தவரும் அண்ணாச்சி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அண்ணாச்சின்னு கூப்பிட்டா யாரு மூத்தவன்? சில்லறை இதுக்குப் பதில் சொல்லட்டும்.

சில்லறை: சென்னையில அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரர். அவ்வளவுதான்.

நெல்லைச்சீமை: அதுதான் எனக்குக் கோவம். எங்க மரியாதைச் சொல்லை எடுத்துக் கடைக்குப் போர்டா மாட்டிட்டீங்க. வாங்க வந்தவரை நீங்க யாராவது அண்ணாச்சின்னு கூப்பிடுறீங்களா?

சில்லறை: பேச்சை மாத்தாதீங்க. 45, 22. பதில் வரலை.

மாட்டுத்தாவணி: வயசுதான் சட்டம்னு சொல்றீங்களே, அது எப்போ எல்லாருக்கும் பொருந்துச்சு? கிராமத்துல எழுபது வயசுப் பெரியவரைச் சாதியைப் பார்த்துப் பத்து வயசுப் பையன் பேரைச் சொல்லி "நீ"ன்னு கூப்பிட்டது நடந்திருக்கு. அங்க வயசு எங்க போச்சு? மூத்தவருக்கு "அண்ணே" கொடுக்காம வச்சிருந்தாங்க. டவுன் பஸ்ல யாரு எந்தத் தெருன்னு தெரியாது, அதனால எல்லாருக்கும் "அண்ணே" கிடைக்குது. அதை நீங்க பொய்ங்குறீங்க. எனக்கு அது பெரிய விஷயம். ஒருத்தர் சும்மா கிடைச்ச "அண்ணே"வை இளக்காரமாப் பேசுனா எனக்குப் பொறுக்காது.

சில்லறை: உணர்ச்சிவசப்படாதீங்க. சாதியைப் பத்தி நான் ஒரு வார்த்தையும் பேசலை. அண்ணன்னா மூத்தவன், அகராதியைப் பாருங்க.

மாட்டுத்தாவணி: அகராதி பஸ்ல ஏறாது. கூட வர்ற வினையைப் பாருங்கன்னு மூணாவது தடவை சொல்றேன்.

நெல்லைச்சீமை: பூக்கடை அக்காகிட்ட "ஒரு முழம் குடுக்கா"ன்னு நாங்க "ங்க" இல்லாமத்தான் கேப்போம். அந்தக்கா கோவிச்சதே இல்லை. உங்க வினைக் கணக்கு எங்க ஊர்ல செல்லாது, மாட்டுத்தாவணி.

மாட்டுத்தாவணி: தினமும் வாங்குறவங்க கேக்கலாம். முதல் தடவை போறவங்க கேட்டா?

நெல்லைச்சீமை: முதல் தடவையும் கேப்போம்.

மாட்டுத்தாவணி: நம்பமாட்டேன்.

ஜன்னலோரம்: லேடி கண்டக்டர் வந்தா என்ன சொல்லி டிக்கெட் கேக்குறது? பழக்கத்துல பாதிப் பேர் "அண்ணே, ஒரு டிக்கெட்"னு ஆரம்பிச்சு நாக்கைக் கடிச்சுக்குறாங்க. "மேடம்"ங்குறாங்க சிலர், "அக்கா"ங்குறாங்க சிலர்.

கொங்குத்தமிழ்: அக்காதானுங்க.

சில்லறை: அவங்க வயசு என்னன்னு முதல்ல சொல்லுங்க.