கடை மேலாளர் பயோடேட்டாவில் "55% வளர்ச்சி": இதை எப்படிச் சரிபார்ப்பது?

தர்மபுரி ஜவுளி: வணக்கம். கிருஷ்ணகிரியில் திறக்கவிருக்கும் எங்கள் ரெடிமேட் கடைக்கு மேலாளர் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தோம். சரக்கு இருப்பைக் கட்டுக்குள் வைத்திருந்தது, இரண்டு ஷிப்டுக்கு ஆள் போட்டது, விற்பனை இலக்கை எட்டியது ஆகிய மூன்றிலும் அனுபவம் கேட்டிருந்தோம். ஒரு பயோடேட்டாவில், "2024 அக்டோபரில் முந்தைய அக்டோபரைவிட 55% வளர்ச்சி; சரக்கு வித்தியாசம் 1.8%-லிருந்து 0.6%, 20 பணியாளர்களை நிர்வகித்தேன்" என்று இருக்கிறது. இவற்றை ஆதாரமாகக் கொள்ளலாமா?

பாலக்கோடு வாசகர்: பலரும் "இலக்கை எட்டினேன்" என்று மட்டும் எழுதும்போது, இவர் எண்ணோடு எழுதியிருக்கிறார். 55% என்பது எந்த இலக்கையும் தாண்டியதாகத்தான் இருக்கும். தயங்காமல் அழையுங்கள்.

ஜவுளித்துறை மூத்தவர்: எண் இருப்பது நல்லதுதான். ஆனால் 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. பண்டிகை விற்பனை முழுவதும் அக்டோபருக்குள் வந்த ஆண்டை, அதில் ஒரு பகுதி நவம்பருக்குப் போன ஆண்டோடு அவர் ஒப்பிட்டிருக்கிறார். உதாரணமாக, 2023 அக்டோபரில் 40 லட்சமும் நவம்பரில் 55 லட்சமும், 2024-இல் முறையே 62 லட்சமும் 36 லட்சமும் விற்றிருந்தால், அக்டோபர் வளர்ச்சி 55% தான். ஆனால் இரண்டு மாதத்தையும் கூட்டினால் 95 லட்சம் 98 லட்சமாகியிருக்கும், அதாவது ஏறக்குறைய 3%. மேலும், வளர்ச்சி வேறு, இலக்கு வேறு. நிர்வாகம் வைத்த மாத இலக்கு எவ்வளவு என்ற விவரமே அதில் இல்லை.

ஓசூர் மேலாளர்: என் கடையில் பக்கத்துக் கிளை மூடப்பட்டதும் இலக்கை நடுவில் உயர்த்திவிட்டார்கள். அதை பயோடேட்டாவில் எப்படி எழுதுவது?

ஜவுளித்துறை மூத்தவர்: பழைய இலக்கு, புதிய இலக்கு, உயர்த்திய மாதம் மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

தர்மபுரி ஜவுளி: மிக்க நன்றி. சரக்கு வித்தியாசத்தையும் ஆட்களையும் பற்றி?

ஜவுளித்துறை மூத்தவர்: 0.6% எதில் என்று கேளுங்கள். ஆண்டு விற்பனை 4 கோடி, கடையிருப்பு 1 கோடி என்றால், விற்பனையில் 0.6% என்பது 2.4 லட்சம், இருப்பில் வெறும் 60,000. அதைவிட முக்கியம், குறைத்தது எப்படி என்பது. 38 சைஸ் சட்டையை 40-க்கு மாற்றிக் கொடுத்துவிட்டு பில்லில் பதியாமல் விட்டால், ஒரு சைஸில் ஒன்று குறையும், மற்றதில் ஒன்று கூடும். மொத்த மதிப்பில் வித்தியாசமே தெரியாது. உண்மையிலேயே ஸ்டாக் எண்ணியவர் இதைத் தானாகவே சொல்வார். "20 பணியாளர்கள்" என்பது ஷிப்ட் போட்டதற்குச் சான்றல்ல. தீபாவளிக்கு முந்தைய ஒரு வாரத்து அட்டவணையை எழுதிக் காட்டச் சொல்லி, வார விடுமுறையை யாருக்கு எந்த நாளில் வைக்கிறார் என்று பாருங்கள்.

பாலக்கோடு வாசகர்: தீபாவளித் தேதியை நான் கவனிக்கவில்லை. ஆனால் பழைய நிறுவனத்தின் விற்பனைக் கணக்கை வெளியாரிடம் காட்ட அவருக்கு அனுமதி இருக்குமா?

தர்மபுரி ஜவுளி: அதுதான் எனக்கும் புரியவில்லை. ரூபாய்த் தொகை வேண்டாம், இரண்டு மாதங்களின் இலக்கு விழுக்காடு மட்டும் போதும் என்று கேட்டுப் பார்க்கிறேன்.