செலவுக் கணக்கு சம்பளத்தை விட அதிகமாக வருகிறது, ஓட்டை எங்கே?

செந்தில்_திருப்பூர்: கையில் வரும் சம்பளம் 58,000. 20ஆம் தேதிக்கே காலி. பேங்க் ஸ்டேட்மென்டை எக்செல்லில் போட்டுக் கூட்டினால் செலவு 73,000 வருகிறது! பெரிய மூன்று என்று பார்த்தால் வாடகை, வண்டி இ.எம்.ஐ., மளிகை. இதில் எதைக் குறைப்பது? அவசரம்.

மாலதி: எத்தனை மாத ஸ்டேட்மென்ட்? எத்தனை அக்கவுண்ட்? கிரெடிட் கார்டு உண்டா?

பழையகை: இதே கேள்வி வாரம் ஒன்று வருகிறது. கணக்கு எழுதத் தெரியாதவர்களுக்கு எக்செல் எதற்கு? வாடகை வீட்டை மாற்றுங்கள், முடிந்தது.

ரகு: எனக்குப் பெட்ரோல்தான் எமன். பஸ்ஸுக்கு மாறினேன், சரியாகிவிட்டது.

செந்தில்_திருப்பூர்: இரண்டு அக்கவுண்ட், போன மாதம் மட்டும். வீட்டுச் செலவுக்கு மனைவி அக்கவுண்டுக்கு 15,000 போடுவேன். கார்டில் 40,000 பாக்கி, மாதம் 2,000 கட்டிவிடுகிறேன், புதிதாக எதுவும் வாங்குவதில்லை.

மாலதி: அந்த 15,000 நீங்கள் போடும்போது ஒரு முறை, அவர் செலவழிக்கும்போது இன்னொரு முறை ஏறியிருக்கிறது. அதை எடுத்தால் 58,000 சரியாக வரும். அப்புறம், மூன்று மாதம் எடுங்கள். ஒரே மாதத்தில் ஸ்கூல் ஃபீஸோ இன்சூரன்ஸோ வந்தால் படமே மாறிவிடும். தொகைப்படி வரிசைப்படுத்தினால் வாடகைதான் மேலே நிற்கும். பணம் யாருக்குப் போனது என்ற பெயர்வாரியாக பிவட் டேபிளில் கூட்டுங்கள். 60, 80 ரூபாய் யு.பி.ஐ. எல்லாம் அங்கேதான் ஒன்றுசேரும்.

கார்டில் மாத வட்டி 3.5% என்றால் 1,400, அதற்கு 18% ஜி.எஸ்.டி. 252. நீங்கள் கட்டும் 2,000-இல் அசலுக்குப் போவது 348 மட்டும். உங்கள் வட்டி விகிதம் பில்லிலேயே இருக்கும், பாருங்கள்.

பழையகை: யு.பி.ஐ.யை நிறுத்திவிட்டு ரொக்கமாகச் செலவழிக்கச் சொல்லுங்கள். கை தானாகக் கூசும்.

மாலதி: கூசலாம் சார். ஆனால் ஏ.டி.எம்.மில் எடுத்த 5,000 எங்கே போனது என்று எந்த ஸ்டேட்மென்டும் சொல்லாது.

பழையகை: நோட்டில் எழுதினால் சொல்லும். எங்கள் காலத்தில் எழுதினோம்.

ரகு: நோட்டு எழுதுவதெல்லாம் பத்து நாள்தான் அண்ணே, என் வீட்டில் அப்படித்தான் ஆனது.

செந்தில்_திருப்பூர்: மூன்று மாதம் போட்டேன். ஓட்டல் ஆர்டர் மாதம் 4,600. யாரோ ஒருவர் பெயரில் 3,100, முதலில் யாரென்றே தெரியவில்லை. கம்பெனி வாசல் பேக்கரிக்காரர்! கடைப் பெயரில் வராமல் அவர் பெயரில் வருகிறது. மூன்றாவதாக வருவது கார்டு வட்டி.

மாலதி: முதலில் கார்டை மூடுங்கள். பேங்கில் குறைந்த வட்டிக்கு பர்சனல் லோன் கிடைத்தால் அதை வாங்கி அடைக்கலாம். ஏ.டி.எம். எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே?

ரகு: ஆளைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பார்.