ஒரு பேப்பர் அரியர், ஆஃபர் கையில இருக்கு. ஹெச்.ஆர்.கிட்ட எப்படிச் சொல்றது?

கடைசிபெஞ்ச்: ரிசல்ட் வந்துச்சு, ஒரு பேப்பர் போச்சு. ஜாயினிங் பக்கத்துல. மெயில்ல என்ன எழுதணும்? அவசரம்.

மாறன்: ஜாயினிங் எப்போ? எந்த செமஸ்டர் பேப்பர்? ஆஃபர் லெட்டர்ல அரியர் பத்தி இருக்கிற வரியை அப்படியே போடுங்க.

பழையபுலி: கையெழுத்து போடும் முன்னாடி லெட்டரைப் படிக்கிற வழக்கமே இப்போ யாருக்கும் இல்லை. தேடினா இதே கேள்வி நூறு கிடக்கும்.

ரகு: வாயே திறக்காதீங்க. வெரிஃபிகேஷன் முடிய மாசக்கணக்காகும், அதுக்குள்ள பேப்பரை முடிச்சிடலாம்.

தென்றல்: தாமதமாகும்ங்கிறது சரி ரகு. ஆனா மார்க் ஷீட்ல தேறின மாசமும் வருஷமும் அச்சாகியிருக்கும். சேர்ற அன்னைக்கு ‘நிலுவை இல்லை’ன்னு கையெழுத்து போட்டுட்டு அப்புறம் நவம்பர்ல எழுதித் தேறின மார்க் ஷீட்டைக் கொடுத்தா, ரெண்டு தேதியும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். அரியருக்காக ஜாயினிங்கைத் தள்ளிவைக்கிற இடம்கூட, பொய் டிக்குக்கு வேலையை விட்டே எடுத்துடும்.

கடைசிபெஞ்ச்: ஜூலை 15. எட்டாவது செம். ‘சேரும் நாளில் நிலுவை அரியர் இருக்கக் கூடாது’ன்னு போட்டிருக்கு. ரீவேல்யூவேஷன் போடப்போறேன்.

மீனா: அப்போ ‘ரிசல்ட் பெண்டிங்’னு எழுதுங்க. பொய் இல்லையே.

தென்றல்: ரிசல்ட் வந்தாச்சு மீனா. மார்க் மாறுற வரைக்கும் அது அரியர்தான்.

மீனா: ரீவேல்யூவேஷன்ல பாஸ் ஆனவங்க எத்தனையோ பேர்!

பழையபுலி: ஆனவங்க கணக்கு சொல்றீங்க, ஆகாதவங்க கணக்கு?

மீனா: உங்களுக்கு எல்லாத்துக்கும் நக்கல்தான்.

ஜோ: எனக்கு பழைய அரியர் ரெண்டு, எல்லாம் முடிச்சாச்சு. நானும் சொல்லணுமா?

மாறன்: ஃபார்ம் கேட்கிறதைப் பொறுத்தது ஜோ. இப்போ நிலுவை இருக்கான்னு கேட்டா ‘இல்லை’. இதுவரைக்கும் இருந்ததான்னு கேட்டா ‘ரெண்டு’.

தென்றல்: கடைசிபெஞ்ச், மெயில் இவ்வளவு போதும்:

‘எட்டாவது செமஸ்டர் முடிவு வந்துவிட்டது. ஒரு தாளில் (பெயர், குறியீடு) தேர்ச்சி பெறவில்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறேன்; மதிப்பெண் மாறாவிட்டால் நவம்பர் தேர்வில் எழுதுவேன். ஆஃபரில் உள்ள நிபந்தனைப்படி ஜூலை 15 அன்று நான் சேர முடியுமா, அல்லது சேரும் தேதியைத் தள்ளிவைப்பீர்களா? மதிப்பெண் பட்டியலை இணைத்துள்ளேன்.’

ஏன் ஃபெயில்ங்கிற விளக்கம் வேண்டாம், கேட்டா ஒரு வரியில சொல்லிக்கலாம். ‘கண்டிப்பா பாஸ் ஆகிடுவேன்’னும் எழுதாதீங்க. அது உங்க கையில இல்லை, நாளைக்கு அதையே எடுத்துக் காட்டுவாங்க. காலேஜ் மூலமா கிடைச்ச ஆஃபர்னா முதல்ல பிளேஸ்மெண்ட் ஆபீசர்கிட்ட சொல்லிட்டு, மெயில்ல அவரையும் சேருங்க. போன்ல ஏதாவது சம்மதிச்சா, அன்னைக்கே அதை மெயில்ல எழுதி உறுதி கேளுங்க.

மாறன்: காலேஜ் மூலமாவா, நேரடியா? அதைச் சொல்லவே இல்லையே.

கடைசிபெஞ்ச்: காலேஜ்தான். போட்டுட்டேன். ‘டீம்கிட்ட கேட்டுச் சொல்றோம்’னு பதில் வந்திருக்கு.

ரகு: போச்சு.

தென்றல்: அதுக்கு ‘போச்சு’ன்னு அர்த்தம் இல்லை ரகு. நாலு வேலை நாள் பாருங்க, பதில் வரலைன்னா அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு வரி கேளுங்க. புது மெயில் வேண்டாம்.