சுங்கத்தில் நின்ற பார்சலுக்குக் கூடுதல் கட்டணம்: உதவி தேவை

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பிய காலணிப் பார்சல் சென்னை சுங்கத்தில் நின்றது. கூரியர் நிறுவனம் கேட்ட தீர்வையைக் கட்டினேன். பிறகு, 'கிடங்கு வாடகை, கையாளும் செலவு' என்று மேலும் 2,350 ரூபாய் வாங்கிய பிறகே பார்சலைக் கொடுத்தார்கள். ரசீது என்று வந்தது ஒரு குறுஞ்செய்தி மட்டும்!

தீர்வை என்றால் 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற சுங்க இறக்குமதி ஆவணத்தில் பதிவாகியிருக்கும். கிடங்கு வாடகை வரியல்ல; கிடங்குக்காரரின் ரசீது இருக்க வேண்டும். கூரியரின் சொந்தக் கட்டணமென்றால் ஜிஎஸ்டி எண்ணுடன் பில் தர வேண்டும். மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, ஆதாரமில்லாத தொகையைத் திருப்பித் தரச் சொன்னேன். 'விதிப்படி வசூலித்தோம்' என்கிறார்கள். எந்த விதியோ!

அடுத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யப்போகிறேன். இப்படிப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் உண்டா? புகாருடன் எவற்றை இணைத்தீர்கள்?