தள்ளினாலும் போகாத அறிவிப்பு: என் நடைப்பதிவு அறுந்த அனுபவம்

நடைபயணி

தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் நடப்பேன். போன வழியையும் தூரத்தையும் ஓர் ஆப்பில் பதிவு செய்வது ஆறு ஆண்டுப் பழக்கம். அந்த ஆப் இயங்கும்போதெல்லாம் மேலே 'பயணம் பதிவாகிறது' என்று ஓர் அறிவிப்பு நிற்கும். பழைய போனில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் ரப்பர் போலத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் அதை அழுத்திப் பிடித்து, அமைப்புகளுக்குள் போய், அந்த ஆப்பின் அறிவிப்புகளையே நிறுத்திவிட்டேன். பதிவு வழக்கம்போல் நடந்தது. ஆகவே அந்த அறிவிப்பு வெறும் தொந்தரவு என்று முடிவு கட்டினேன்.

சென்ற மாதம் ஆண்ட்ராய்டு 13 உள்ள போனுக்கு மாறினேன். அதில் அந்த அறிவிப்பு ஒரே தள்ளில் போய்விட்டது. மகிழ்ச்சி. ஆனால் திரையை முழுவதும் கீழே இழுத்தால், அடியில் ஓர் ஆப் இயங்கிக்கொண்டிருப்பதாக ஒரு வரி தெரிந்தது. தொட்டேன். என் நடை ஆப்பின் பெயரும் பக்கத்திலே 'நிறுத்து' பொத்தானும் வந்தன. இதுவும் பழைய தொந்தரவின் மிச்சம்தான் என்று நினைத்து அழுத்திவிட்டேன். போனைப் பையில் போட்டுக்கொண்டு மீதி வழியை நடந்தேன்.

வீட்டுக்கு அருகில் வந்து ஆப்பைத் திறந்தபோது வரைபடத்தில் என் பாதை பாதிவழி வரை வளைந்து நெளிந்து வருகிறது. பிறகு ஏரியின் குறுக்கே ஒரே நேர்க்கோடு. நான் நீரின் மேல் நடக்கவில்லை. 7 கிலோமீட்டர் நடையில் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் காணவில்லை. பழைய போனில் அறிவிப்பை ஒழித்தபோது ஒன்றும் ஆகவில்லையே, இப்போது மட்டும் ஏன்? உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

திரைவெளிச்சம்

எனக்கு இது பழகிய கதை. அந்த அறிவிப்பு இருக்கும்வரைதான் ஆப் உயிரோடு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் ஆப் செத்துவிடும். அதனால்தான் பழைய போன்களில் தள்ளவே விடவில்லை. புதிய போனில் விட்டுவிட்டார்கள், நீங்கள் தள்ளினீர்கள், பதிவு அறுந்தது. இனிமேல் தொடாதீர்கள்.

மணியோசை

என் போனிலும் இந்தப் பிரச்சினை உண்டு. கணினியோடு கேபிளில் இணைத்தால் யுஎஸ்பி பற்றி ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறது, போகவே மாட்டேன் என்கிறது. எந்த ஆப்பை நீக்க வேண்டும் என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். யாராவது சொன்னால் நன்றி.

நிரல்தச்சன்

மணியோசை, நீங்கள் பார்ப்பது ஆப்பின் அறிவிப்பு அன்று, ஆண்ட்ராய்டே காட்டுவது. கேபிளை எடுத்தால் போய்விடும். எதையும் நீக்க வேண்டாம்.

நடைபயணி அம்மா, நான் இதேபோன்ற வழிப்பதிவு ஆப் ஒன்றை எழுதிப் பராமரிப்பவன். உங்கள் ஏரிக்கோட்டைப் போல நூறு படங்கள் எனக்கு வந்திருக்கின்றன. நிதானமாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஓர் ஆப்பை விட்டு வெளியே வந்து திரையை அணைத்ததும், ஆண்ட்ராய்டு அதைப் 'பின்னால் போனது' என்று கணக்கில் வைத்துக்கொள்ளும். நினைவகம் குறைந்தால் முதலில் பலியாவது அப்படிப்பட்டவைதான். ஆனால் வழிப்பதிவு, பாட்டு, திசைகாட்டல் போன்ற வேலைகள் திரை அணைந்த பிறகும் நடந்தாக வேண்டும். அதற்காக ஆப் ஒரு சேவையைத் தொடங்கி, 'இதைப் பயனர் அறிந்தே நடத்துகிறார், கலைக்காதே' என்று அமைப்பிடம் சொல்கிறது. இதைத்தான் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் என்கிறோம். முன்புலச் சேவை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகைக்கு அமைப்பு கேட்கும் விலைதான் அந்த அறிவிப்பு.

விலை ஏன் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்க கால ஆண்ட்ராய்டில் `setForeground()` என்று ஒரே வரியில், அறிவிப்பு எதுவும் இல்லாமல், எந்த ஆப்பும் 'நான் முக்கியமானவன்' என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். போன்கள் திணறின. 2009இல் வந்த 2.0 பதிப்பில் அந்த வரியைச் செயலற்றதாக்கி, அறிவிப்பைக் கையில் கொடுத்தால்தான் ஏற்கும் `startForeground()` என்பதைக் கொண்டுவந்தார்கள். யார் பின்னால் உழைக்கிறார்கள் என்பது போன்காரருக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் பல ஆண்டுகள் தள்ளவும் விடவில்லை.

இப்போது திரைவெளிச்சம் சொன்னதற்கு வருகிறேன். பாதி சரி. அறிவிப்புக்கும் சேவைக்கும் உறவு உண்டு. ஆனால் அறிவிப்பு புகை, சேவை நெருப்பு. புகையைக் கண்ணிலிருந்து மறைத்தாலும் நெருப்பு எரியும். அம்மா பழைய போனில் அறிவிப்பை அணைத்தபோது சேவை ஓடிக்கொண்டுதான் இருந்தது. புதிய போனில் தள்ளியபோதும் ஓடியது. பதிவை அறுத்தது தள்ளல் அன்று, 'நிறுத்து'.

அறிவிப்பைத் தள்ளலாம் என்று 13இல் திறந்துவிட்டார்கள் அல்லவா? மறைந்துபோன சேவையைப் பார்க்க ஓர் இடம் வேண்டுமே, அதற்குத்தான் அந்தப் பட்டியல். அங்கே 'நிறுத்து' என்றால் சேவை மட்டும் நிற்பதில்லை. ஆப் முழுவதும் நினைவகத்திலிருந்து தூக்கப்படும். அதற்கு முன் ஆப்புக்கு ஒரு சொல்கூடச் சொல்லப்படாது. விடைபெறும் வேலையைச் செய்ய ஒரு நொடியும் கிடைக்காது.

இதில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பேட்டரி மிச்சமாகும் என்று 5 நிமிடப் புள்ளிகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாகச் சேமிப்பில் எழுதினேன். பயனர்கள் 'நிறுத்து' அழுத்திய இடத்துக்கும் முன்னாலேயே அவர்களுடைய பாதை முடிந்திருந்தது. சேர்த்துவைத்த புள்ளிகளும் கூடவே போயின. இப்போது ஒவ்வொரு புள்ளியையும் வந்தவுடன் எழுதுகிறேன். அடுத்த முறை ஆப் திறக்கும்போது, சென்ற முறை எப்படி முடிந்தது என்று அமைப்பைக் கேட்கிறேன். `REASON_USER_REQUESTED` என்று வந்தால், 'பதிவு உங்களால் நிறுத்தப்பட்டது' என்று காட்டிவிட்டு, இடைவெளியை வெறுமையாக விடுகிறேன். உங்கள் ஆப் இரு முனைகளையும் இணைத்துக் கோடு போட்டிருக்கிறது. நடக்காத வழியை நடந்ததாகக் காட்டுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

மாலைவெயில்

படிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. என் தாயாருக்குச் சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் கருவி கையில் ஒட்டியிருக்கிறது. அது ப்ளூடூத் வழியே போனுக்குச் சொல்கிறது. அளவு இறங்கினால் போன் அலற வேண்டும். ஓர் இரவு அலறவில்லை. காலையில் பார்த்தால் நள்ளிரவுக்குப் பிறகு வரைபடத்தில் ஒன்றுமே இல்லை. நல்லவேளையாக அன்று அளவு அதிகம் இறங்கவில்லை. தாயாரைக் கேட்டபோது, 'ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது, பேட்டரி தீருமே என்று நிறுத்தினேன்' என்றார். ஆப்பைக் குறை சொல்லி நான் எழுதிய கடிதத்தை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த அறிவிப்பைத் தள்ளவே முடியாமல் வைத்திருக்கலாமே?

நிரல்தச்சன்

ஆப்பால் முடியாது. ஆண்ட்ராய்டு 14இல், 'தள்ளக் கூடாதது' என்று ஆப் குறித்த அறிவிப்புகளையும் தள்ள விட்டுவிட்டார்கள். நடந்துகொண்டிருக்கும் அழைப்பு போன்ற சிலவற்றுக்கே விலக்கு. மற்றவை, போன் பூட்டியிருக்கும்போதும், 'அனைத்தையும் அழி' அழுத்தும்போதும் மட்டும் போகாமல் நிற்கும். உங்கள் தாயாரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அறிவிப்பைத் தள்ளினால் பரவாயில்லை, பட்டியலில் 'நிறுத்து' அழுத்தக் கூடாது.

திரைவெளிச்சம்

ஏற்கிறேன், நான் இரண்டையும் குழப்பிக்கொண்டேன். ஆனால் ஒரு சந்தேகம். என் போனில் நான் எதையும் நிறுத்தவில்லை, தள்ளவும் இல்லை. இருந்தும் 40 நிமிடத்தில் பாதை அறுகிறது. ஒரு முறை அறிவிப்பு மேலேயே நிற்கிறது, பாதையில் ஆளைக் காணோம்!

நிரல்தச்சன்

பாதையின் வடிவத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஓர் இடத்தில் சட்டென்று முடிந்து அதன்பின் எதுவுமே இல்லை என்றால், ஆப் கொல்லப்பட்டிருக்கலாம். புள்ளிகள் நிற்காமல், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக அரிதாகிவிட்டால், ஆப் உயிரோடு இருக்கிறது, ஆனால் முன்புலச் சேவை இல்லாமல் ஓடுகிறது. ஏனென்றால் 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னால் போன ஆப்புக்கு இருப்பிடம் மணிக்குச் சில முறைகளே தரப்படும். புள்ளிகள் அடர்த்தியாக இருந்தும் இங்கும் அங்கும் குதித்தால் அது ஜிபிஎஸ் கோளாறு, கட்டடங்களும் மரங்களும் காரணம்.

adb கருவி உள்ள கணினி இருந்தால், போனை அதோடு இணைத்து, பதிவைத் தொடங்கித் திரையை அணைத்த பிறகு, ஆப்பின் பேக்கேஜ் பெயரை, அதாவது ஆண்ட்ராய்டு உள்ளே அதை அடையாளம் காணும் பெயரை, இட்டு இதைப் பாருங்கள்:

```
adb shell dumpsys activity services பேக்கேஜ்_பெயர்
```

வரும் வரிகளில் `isForeground=true` இருந்தால் சேவை அமைப்பின் கண்ணில் முன்புலத்தில்தான் இருக்கிறது.

திரைவெளிச்சம்

பார்த்தேன். `isForeground=true` என்றே இருக்கிறது. புள்ளிகள் அரிதாகவில்லை, 41ஆவது நிமிடத்தில் சட்டென முடிகின்றன. அறிவிப்பில் தூரம் 3.2 கிலோமீட்டரிலேயே உறைந்து நிற்கிறது.

நிரல்தச்சன்

அப்படியானால் கொல்லப்படவில்லை. செத்த ஆப்பின் சேவை அறிவிப்பு மேலே நிற்காது. ஆப் உயிரோடு இருக்கிறது, இருப்பிடம் மட்டும் வரவில்லை. சில போன்களில் தயாரிப்பாளர் சேர்த்த தனி பேட்டரிக் கட்டுப்பாடுகள் இருக்கும், அவை எப்போது எதைத் தடுக்கும் என்பதை வெளியிலிருந்து கணிக்க எனக்கு வழி தெரியவில்லை. அமைப்புகளில் அந்த ஆப்புக்குப் பேட்டரி 'கட்டுப்பாடற்றது' என்று மாற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். அதுதான் காரணம் என்று இப்போதே உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆப்பே இருப்பிடம் கேட்பதை நிறுத்தியிருக்கவும் கூடும்.

நடைபயணி

இன்று காலை சோதித்தேன். அறிவிப்பைத் தள்ளினேன், பட்டியலைத் தொடவில்லை. 82 நிமிடம், 6.9 கிலோமீட்டர், ஏரியைச் சுற்றிக் கரையோரமாகவே கோடு போகிறது. பழைய போனில் அணைத்துவைத்த அறிவிப்பையும் மீண்டும் போட்டுவிட்டேன். திரைவெளிச்சம், உங்கள் நடை முடிந்ததும் 41ஆவது நிமிடம் தாண்டியதா என்று எழுதுங்கள்.

திரைவெளிச்சம்

கட்டுப்பாடற்றதாக மாற்றினேன். இந்த முறை 58ஆவது நிமிடத்தில் நின்றது. நாளை வேறோர் ஆப்பையும் சேர்த்து ஓடவிட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கின்றனவா என்று பார்க்கிறேன்.