விண்ணப்பம் போய்விட்டது, மதிப்பெண் பட்டியலில் பாதிப் பக்கங்களைக் காணோம். மின்னஞ்சல் போடலாமா?

மழைக்காகிதம்:
முதுகலைப் படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நேற்று இரவு விண்ணப்பித்தேன். இன்று காலை சமர்ப்பித்த பிரதியை இறக்கிப் பார்த்தால் இரண்டு தப்பு.

ஒன்று, மதிப்பெண் பட்டியல். இரண்டு தாள், இருபுறமும் அச்சு, ஆக மொத்தம் நாலு பக்கம். ஸ்கேனர் ஒருபுறம் மட்டும் எடுக்கும்படி இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. 1, 3 மட்டும் போயிருக்கிறது. மூன்றாம், நாலாம் பருவ மதிப்பெண்கள் இரண்டாம் பக்கத்தில். முத்திரையும் கையெழுத்தும் கடைசிப் பக்கத்தில்.

இரண்டாவது இன்னும் மோசம். படிவத்தில் ஒட்டுமொத்த சராசரி 7.86 என்று போடுவதற்குப் பதில் 8.76 என்று தட்டியிருக்கிறேன். 7ம் 8ம் இடம் மாறிவிட்டது.

கடைசி நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. தளத்தில் ‘திருத்து’ பொத்தான் எதுவும் இல்லை, ‘திரும்பப் பெறு’ மட்டும்தான் இருக்கிறது. பக்கங்களை மட்டும் அனுப்பிவிட்டு எண்ணைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பட்டியலில் சரியான எண் இருக்கிறதே?

நேர்வழி:
திரும்பப் பெற்றுவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஐந்து நாள் தாராளம். மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள்?

பழைய மேசை:
சேர்க்கை அலுவலகம் ஒன்றில் சில வருடம் இந்த அஞ்சல்களைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். நேர்வழி சொல்வது சில தளங்களில் நடக்கும். ஆனால் ‘திரும்பப் பெறு’ என்பதை அழுத்தினால், அதே பருவத்துக்கு அதே படிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்க விடாத தளங்களும் உண்டு. விட்டாலும் கட்டணம் இரண்டாவது முறை போகலாம். பரிந்துரைக் கடிதங்கள் பழைய எண்ணிலேயே தங்கிவிடும், எழுதியவர்களை மறுபடி தொந்தரவு செய்யவேண்டும். அதனால் அந்தப் பொத்தானைத் தொடும் முன் அவர்களிடமே கேளுங்கள்.

எண்ணைப் பற்றி: மறைக்காதீர்கள். தப்பு உங்களுக்குச் சாதகமாக விழுந்திருக்கிறது, அதுதான் சிக்கல். 7.86ஐ 6.86 என்று போட்டிருந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். 8.76 என்று இருந்து, பட்டியலைத் திறந்ததும் வேறு எண் தெரிந்தால், பார்ப்பவருக்குத் தட்டச்சுப் பிழை என்று தோன்றுமா, வேண்டுமென்றே என்று தோன்றுமா என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. அதிலும் உங்கள் சராசரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மழைக்காகிதம்:
கடைசிப் பக்கத்தில், ஐயா. போகாத பக்கம்.

பழைய மேசை:
பாருங்கள். இப்போது அங்கே இருக்கும் கோப்பில் உயர்ந்த எண்ணை மறுக்க எதுவுமே இல்லை. அந்தப் பக்கமும் காணாமல் போயிருப்பது பார்ப்பவருக்கு எப்படித் தோன்றும்! இரண்டையும் ஒரே அஞ்சலில் நீங்களே சொல்லிவிடுங்கள், இன்றைக்கே.

தாமரைத்தண்டு:
நானும் இப்படித்தான் அஞ்சல் எழுதிவிட்டு இணைப்பைச் சேர்க்க மறந்து அனுப்பினேன். உடனே இரண்டாவது அனுப்பினேன், அதில் பழைய கோப்பு. மூன்றாவதில்தான் சரியானது. கடைசியில் அவர்கள் பதிவேற்றியது இரண்டாவதை! அது வேலை விண்ணப்பம். நேர்காணலில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எதிரில் இருந்தவர் கையில் பழைய சுயவிவரம்.

பழைய மேசை:
இது அடிக்கடி நடக்கும். அஞ்சலில் வரும் கோப்பு தானாக உங்கள் விண்ணப்பத்தில் ஒட்டிக்கொள்ளாது. பல இடங்களில் ஒருவர் உட்கார்ந்து, விண்ணப்பத்தைத் தேடி, கையால் பதிவேற்றவேண்டும். மூன்று அஞ்சல் மூன்று பேர் கைக்குப் போகலாம். அதனால் ஒரே அஞ்சல், ஒரே கோப்பு. விடுபட்ட 2, 4ஐ மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். நாலு பக்கமும் வரிசையாக உள்ள முழுக்கோப்பாக அனுப்பினால் அவர் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தால் போதும், கோர்க்கவேண்டாம்.

விண்ணப்பத்தில் கொடுத்த அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்புங்கள். வேறு முகவரியிலிருந்து வந்தால், இது உண்மையிலேயே நீங்கள்தானா என்று கேட்டு ஒரு கடிதம் வரும், இரண்டு நாள் போய்விடும். மேகச் சேமிப்பு இணைப்பு வேண்டாம், கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பும் வேண்டாம். திறக்காவிட்டால் அப்படியே ஓரமாக வைத்துவிடுவார்கள். நாங்கள் வைத்திருக்கிறோம்.

மழைக்காகிதம்:
‘விண்ணப்பம் பெறப்பட்டது’ என்று வந்த அஞ்சலுக்குப் பதில் போட்டால் போதுமா? இப்படி எழுதியிருக்கிறேன்:

“மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் நேற்று விண்ணப்பித்தேன். எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறால் சில ஆவணங்கள் சரியாகப் பதிவேறவில்லை. தயவுசெய்து முந்தையதைப் புறக்கணித்து இணைப்பைப் பார்க்கவும். சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன்.”

பழைய மேசை:
முதலில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். `noreply` என்று தொடங்கினால் பதில் யாருக்கும் போகாது. சில சமயம் திரும்பியும் வராது, போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த அஞ்சலின் அடியிலோ சேர்க்கைப் பக்கத்திலோ உள்ள தொடர்பு முகவரிக்கு அனுப்புங்கள்.

கடிதத்தில் ‘சில ஆவணங்கள்’ எவை? ‘முந்தையது’ எது? முழு விண்ணப்பத்தையும் புறக்கணிக்கச் சொல்கிறீர்களா? ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்றால் அவர்கள் தளத்தின் மீது பழி போடுவதுபோல் இருக்கிறது. எண் பிழையைச் சொல்லவே இல்லை. நான் எழுதினால் இப்படி:

“பொருள்: விண்ணப்ப எண் ______ – மதிப்பெண் பட்டியலின் முழுப் பிரதியும் ஒரு திருத்தமும்

வணக்கம். நேற்று சமர்ப்பித்த என் விண்ணப்பத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. மதிப்பெண் பட்டியலில் 2, 4 ஆம் பக்கங்கள் ஸ்கேன் செய்யும்போது விடுபட்டுவிட்டன. நாலு பக்கங்களும் கொண்ட கோப்பை இணைத்துள்ளேன். பழைய கோப்புக்குப் பதில் இதை வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். மேலும், படிவத்தில் சராசரியை 8.76 எனத் தவறாக உள்ளிட்டுவிட்டேன். சரியானது 7.86, பட்டியலின் 4 ஆம் பக்கத்தில் உள்ளது. விண்ணப்பத்தின் மற்ற விவரங்களில் மாற்றமில்லை. இத்திருத்தத்தை இவ்வழியில் ஏற்க இயலாவிட்டால், நான் செய்யவேண்டியதைத் தெரிவிக்கவும்.”

கீழே பெயர், விண்ணப்ப எண், படிப்பின் பெயர். கோப்புக்கும் `scan0007.pdf` என்று வைக்காமல், எண்ணையும் பெயரையும் சேர்த்து வையுங்கள்.

நேர்வழி:
அப்போ திரும்பப் பெறுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் பதில் வராவிட்டால்?

பழைய மேசை:
கடைசி நாளுக்கு முன் இரண்டு வேலை நாள் மிச்சம் இருக்கும்போது ஒரு நினைவூட்டல், அல்லது தொலைபேசி. சனி, ஞாயிறைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். தானாக வரும் பதிலின் பொருள் வரியில் ஒரு எண் இருந்தால் அதை அழிக்காமல் அதே அஞ்சலுக்குப் பதிலாகப் போடவேண்டும். புதிதாக எழுதினால் புதுக் கோரிக்கையாக வரிசையின் கடைசிக்குப் போகலாம்.

தாமரைத்தண்டு:
இணைப்பைச் சேர்த்துவிட்டு அப்புறம் பெறுநர் முகவரியைப் போடுங்கள். அந்த மூன்று அஞ்சலுக்குப் பிறகு நான் இப்படித்தான் செய்கிறேன்.

மழைக்காகிதம்:
அனுப்பிவிட்டேன், இரண்டாம் நாள் பதில் வந்தது. “புதிய பட்டியல் சேர்க்கப்பட்டது. சராசரி குறித்த தகவல் பதிவு செய்யப்பட்டது.” தளத்தில் பார்த்தால் பட்டியல் நாலு பக்கம் காட்டுகிறது. படிவத்தில் மட்டும் இன்னும் 8.76தான். ‘பதிவு செய்யப்பட்டது’ என்றால் மாற்றினார்களா, குறிப்பாக எழுதி வைத்தார்களா?

பழைய மேசை:
பெரும்பாலும் குறிப்பு. சமர்ப்பித்த படிவத்தில் கைவைக்க அலுவலருக்கே அனுமதி இல்லாத தளங்கள் உண்டு. தேர்வுக்குழுவின் கண்ணில் அந்தக் குறிப்பு படுமா என்பது அந்த அலுவலகத்தின் வழக்கத்தைப் பொறுத்தது, இங்கிருந்து சொல்லமுடியாது. அந்தப் பதில் அஞ்சலைப் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். மறுபடி எழுதவேண்டாம்.